ஒரே இன்வாய்ஸ், மூன்று நட்டக் கணக்கு

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்குகள் டாலரில். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு நவம்பர் 14 அன்று சரக்கு அனுப்பி 50,000 யூரோவுக்கு இன்வாய்ஸ் போட்டோம். அன்று ஒரு யூரோவுக்கு 1.08 டாலர். ஆண்டு முடிவான டிசம்பர் 31 அன்று 1.10. பிப்ரவரி 18 அன்று பணம் வந்தது. அன்றைய சந்தை ரேட் 1.06. வங்கிக் கணக்கில் ஏறிய தொகை 52,453.75 டாலர். என் கணக்கில் செலாவணி நட்டம் 1,546.25. சாஃப்ட்வேர் 2,546.25 காட்டுகிறது. ஆடிட்டரோ 2,000 தான் என்கிறார். எது சரி? இதை நானே எப்படிச் சரிபார்ப்பது? வங்கி அட்வைஸின் நகலை இணைத்திருக்கிறேன்.
– கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாசகர்

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் இந்த ஆண்டின் செலாவணி நட்டம். அதற்காக மற்ற இரண்டு எண்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டிலும் கழித்தல் பிழை இல்லை. நீங்கள் அளக்கத் தொடங்கிய இடம் வேறு, சாஃப்ட்வேர் அளந்து முடித்த இடம் வேறு. அந்த இரண்டு இடங்களையும் பிடித்துவிட்டால் மூன்று எண்களும் ஒன்றோடொன்று சென்ட் பிசகாமல் பொருந்தும்.

முதலில் வங்கியை மறந்துவிடுங்கள். வங்கியிலிருந்து தொடங்குவதால்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் குழம்புகிறது. வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டியது 50,000 யூரோ. நவம்பரிலும் அவ்வளவுதான், பிப்ரவரியிலும் அவ்வளவுதான். மாறியது ரேட் மட்டும். ஆகவே செலாவணி லாப நட்டம் என்பது யூரோத் தொகையை ரேட்டின் நகர்வால் பெருக்கினால் வருவது. வேறு எதுவும் அதற்குள் வரக் கூடாது.

நவம்பர் 14 முதல் டிசம்பர் 31 வரை ரேட் 0.02 ஏறியது. 50,000-ஐ அதால் பெருக்கினால் 1,000 டாலர் லாபம். டிசம்பர் 31 முதல் பிப்ரவரி 18 வரை 0.04 இறங்கியது. அது 2,000 டாலர் நட்டம். முதலிலிருந்து கடைசி வரை பார்த்தால் 1.08-லிருந்து 1.06-க்கு, அதாவது 1,000 டாலர் நட்டம். லாபம் 1,000, நட்டம் 2,000, நிகரம் 1,000 நட்டம் என்று அதுவும் ஒத்துப்போகிறது.

சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 21 கேட்பதும் இதைத்தான். வர வேண்டிய பணம் அந்நிய நாணயத்தில் இருந்தால், ஆண்டு முடிவில் அன்றைய ரேட்டுக்கு அதை மாற்றி எழுத வேண்டும். அதில் வரும் வித்தியாசம் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்குப் போகும். அடுத்த ஆண்டில் பணம் வந்தால், ஒவ்வொரு ஆண்டும் தன் காலத்தில் ரேட் எவ்வளவு நகர்ந்ததோ அதற்கு மட்டும் பொறுப்பு.

நீங்கள் 54,000-லிருந்து தொடங்கினீர்கள். அது இன்வாய்ஸ் பிறந்த அன்றைய மதிப்பு. ஜனவரி 1 அன்று அந்த வாடிக்கையாளரின் கணக்கு 55,000-ல் நிற்கிறது, நிற்க வேண்டும். போன ஆண்டு 1,000 டாலர் லாபம் எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டது. கைக்கு வராத பணத்துக்கு லாபம் எழுதுவதா என்று உங்களுக்குத் தோன்றலாம்; பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த யூரோக்களின் மதிப்பு அதுதான் என்பதே இதற்குப் பதில். ரேட் இறங்கியிருந்தால் அதே நாளில் நட்டமும் எழுதியிருப்போம். எழுதியாகிவிட்டதால், இந்த ஆண்டு அந்த 1,000-ஐயும் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் இன்னொரு 1,000-ஐயும் சுமக்கிறது. உங்கள் எண்ணும் சாஃப்ட்வேர் எண்ணும் சரியாக 1,000 டாலர் வேறுபடுவதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

(வரிக்கு எந்த லாபம் எப்போது கணக்கில் வரும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. இங்கே பேசுவது புத்தகக் கணக்கை மட்டும்.)

இனி வங்கிக்கு வருவோம். பிப்ரவரி 18 அன்று சந்தை ரேட்டில் 50,000 யூரோவின் மதிப்பு 53,000 டாலர். கணக்கில் ஏறியது 52,453.75. இடையில் காணாமல் போனது 546.25. இந்தத் தொகையோடு ரேட் ஏறியதற்கும் இறங்கியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நவம்பரிலிருந்து ரேட் அசையாமலே இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே அளவு போயிருக்கும்.

அது எங்கே போனது என்பதை நீங்கள் அனுப்பிய அட்வைஸே சொல்கிறது. உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்தது 49,975 யூரோ. வழியில் இருந்த இடைநிலை வங்கி 25 யூரோ எடுத்துக்கொண்டுவிட்டது. அன்றைய 1.06 ரேட்டில் அது 26.50 டாலர். வந்த 49,975 யூரோவை உங்கள் வங்கி 1.05 ரேட்டில் டாலராக மாற்றியிருக்கிறது. சந்தை ரேட்டுக்கும் அதற்கும் உள்ள 0.01 வித்தியாசம், 49,975 யூரோவுக்கு 499.75 டாலர். கடைசியாக வங்கியின் வரவுக் கட்டணம் 20 டாலர். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 546.25 வரும்.

சாஃப்ட்வேரின் 2,546.25 என்பது உண்மையான செலாவணி நட்டம் 2,000-உம் இந்த 546.25-உம் சேர்ந்தது. உங்கள் 1,546.25 என்பது இன்வாய்ஸ் நாளிலிருந்து வந்த மொத்த நட்டம் 1,000-உம் அதே 546.25-உம் சேர்ந்தது. ஆக, உங்கள் எண்ணில் இரண்டு கலப்பு இருக்கிறது, சாஃப்ட்வேர் எண்ணில் ஒன்று.

அட்வைஸ் கையில் இல்லாத நேரத்திலும் இந்தக் கலப்பை மோப்பம் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வந்த டாலரை இன்வாய்ஸின் யூரோவால் வகுத்துப் பாருங்கள். 52,453.75-ஐ 50,000-ஆல் வகுத்தால் 1.049075. இது சந்தையின் 1.06-உம் இல்லை, வங்கியின் 1.05-உம் இல்லை. எவரும் எங்கும் சொல்லாத ரேட் ஒன்று வந்து நின்றால், உள்ளே கட்டணமோ கழிவோ குறைவாக வந்த தொகையோ ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமான ரேட்டாக இருந்தால் வங்கி அட்வைஸில் இருக்கும் நாலு தசம எண்ணோடு அது பொருந்திவிடும். நட்டத்தையும் இப்படி வகுக்கலாம். 2,546.25-ஐ 50,000-ஆல் வகுத்தால் 0.050925. ஆண்டு முடிவிலிருந்து ரேட் நகர்ந்ததோ 0.04 மட்டுமே. நகராத தூரத்துக்கு நட்டம் வர வாய்ப்பில்லை, இல்லையா?

இங்கே ஒரு விவகாரத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. 26.50-உம் 20-உம் வங்கிக் கட்டணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 499.75-ஐ என்ன செய்வது? பணம் டாலராகத்தான் வந்தது, எனவே வங்கி கொடுத்த 1.05 தான் எங்களுக்கு அன்றைய ரேட், ஆகவே அதுவும் செலாவணி நட்டம்தான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையே ஆண்டுதோறும் ஒரே மாதிரி செய்தால் பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன். மொத்த லாபம் எப்படியும் மாறப்போவதில்லை. ஆனால் நான் பிரித்துத்தான் எழுதுவேன், உங்கள் ஆடிட்டரும் அதைத்தான் செய்திருக்கிறார். ரேட் இறங்கியது யார் கையிலும் இல்லை. வங்கி எடுத்துக்கொண்ட ஒரு சென்ட் அப்படியல்ல. அதைப் பேசிக் குறைக்கலாம், வேறு வங்கியில் விலை கேட்கலாம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால், ‘சந்தை சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருடக் கணக்கில் அந்த ஒரு சென்ட்டைக் கொடுத்துக்கொண்டிருப்போம். யூரோவுக்கு ஒரு சென்ட் என்பது சின்னதாகத் தெரியும். இந்த ஒரே ரசீதில் அது வெளிப்படையான கட்டணங்களைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

சரி, சாஃப்ட்வேர் ஏன் அப்படிக் காட்டியது? நீங்கள் ரசீதைப் பதியும்போது, 50,000 யூரோ இன்வாய்ஸ் முழுவதும் தீர்ந்தது, வங்கியில் வந்தது 52,453.75 டாலர் என்று கொடுத்திருப்பீர்கள். புத்தகத்தில் அந்த இன்வாய்ஸ் 55,000. மீதி 2,546.25-ஐ எங்காவது போட்டால்தான் பதிவு சமனாகும். கட்டணம் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை, அது செலாவணி நட்டத்தில் கொட்டிவிட்டது. அந்தப் பதிவு இப்படி இருந்திருக்க வேண்டும்:

வங்கி – பற்று 52,453.75
வங்கிக் கட்டணம் – பற்று 46.50
நாணய மாற்றுச் செலவு – பற்று 499.75
செலாவணி நட்டம் – பற்று 2,000.00
வாடிக்கையாளர் – வரவு 55,000.00

இந்தப் பதிவைச் சரிபார்க்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே போங்கள். வாடிக்கையாளர் கணக்கு 55,000-ல்தான் நின்றதா என்பதை லெட்ஜரில் பார்த்தபிறகே மற்றவை. ஏனென்றால் அந்த எண்ணில்தான் இன்னொரு பொறி இருக்கிறது.

ஆண்டு முடிவு மறுமதிப்பீட்டைச் சாஃப்ட்வேர்கள் இரண்டு விதமாகக் கையாளுகின்றன. சில, 1,000 டாலர் லாபத்தை அப்படியே வைத்துக்கொண்டு 55,000-லிருந்து அளக்கும். உங்களுடையது அந்த வகை. வேறு சில, ஜனவரி 1 அன்று அந்த 1,000-ஐத் தானாகத் திருப்பிப் போட்டு, இன்வாய்ஸை மறுபடியும் 54,000-க்குக் கொண்டுவந்துவிடும். அப்போது பிப்ரவரியில் காட்டும் நட்டம் 1,000 தான்; ஜனவரி 1-இல் திருப்பிய 1,000-ஐச் சேர்த்தால் இந்த ஆண்டுக்கு 2,000. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. ஆபத்து பாதி வழியில் இருக்கிறது. சாஃப்ட்வேர் பழைய 1.08-லிருந்து அளக்கிறது, ஆனால் ஜனவரியில் திருப்பிப் போடுவதை யாரோ நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றால், பணம் முழுவதும் வந்த பிறகும் 1,000 டாலர் பற்று எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ‘மறுமதிப்பீட்டுச் சரிக்கட்டல்’ மாதிரி பெயர் வைத்த ஒரு தனிக் கணக்கில் அது கிடக்கும். வாடிக்கையாளர் லெட்ஜரைப் புரட்டினால் கண்ணில் படாது. உங்களிடம் இந்தப் பிரச்சினை இல்லை என்பதற்கு 2,546.25-க்கும் 2,000-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வங்கி அட்வைஸிலேயே தீர்ந்துவிட்டதே சாட்சி.

இதைப் பிடிக்க நான் எப்போதும் பார்ப்பது இரண்டு சைபர்கள். பணம் வந்து இன்வாய்ஸ் மூடிய பிறகு, அந்த இன்வாய்ஸின் யூரோ மீதியும் சைபராக இருக்க வேண்டும், டாலர் மீதியும் சைபராக இருக்க வேண்டும். யூரோ சைபர், டாலரில் மட்டும் ஏதோ மீதி என்றால் ரேட் வித்தியாசம் ஒன்று பதிவாகாமல் விடுபட்டிருக்கிறது. டாலர் சைபர், யூரோவில் மீதி என்றால் அது இன்னும் மோசம்: வராத பணத்தை யாரோ செலாவணி நட்டம் என்று எழுதிக் கணக்கை முடித்திருக்கிறார்கள். இரண்டிலுமே மீதி இருந்தால், அந்த டாலரை யூரோவால் வகுத்து, வருவது ஏதாவது ஒரு நாளின் உண்மையான ரேட்டா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது நிஜமாகவே இன்னும் வர வேண்டிய தொகை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கப் போனேன். மாதாமாதம் செலாவணி நட்டம். ரேட் அவர்களுக்குச் சாதகமாக ஏறிய மாதங்களிலும் நட்டம்தான். வகுத்துப் பார்த்தால் ஒரே வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்களில் மட்டும் ரேட் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் குறைந்து வந்தது. அவர் ஒவ்வொரு முறையும் தரக் குறைவு என்று இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார். கணக்கு எழுதியவர் கேள்வி கேட்காமல் அதைச் செலாவணி நட்டத்தில் தள்ளிவிட்டார். விற்பனைப் பிரிவுக்குக் கடைசி வரை அப்படி ஒரு கழிவு போவதே தெரியாது. ரேட் ஏறும்போதும் நட்டம் காட்டும் கணக்கைக் கண்டால் இன்றும் எனக்கு அந்த லெட்ஜர்தான் ஞாபகம் வருகிறது.

ரேட் எங்கிருந்து எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1.08, 1.10, 1.06 மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா என்று பாருங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணி வாக்கில் யூரோவுக்கான மேற்கோள் ரேட்டுகளை வெளியிடுகிறது. அவை தகவலுக்காக மட்டுமே, அந்த ரேட்டில் யாரும் பணம் மாற்றித் தரக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று அதுவே சொல்கிறது. புத்தகத்தில் எழுத அது தாராளமாகப் போதும். நவம்பருக்கு அதையும், டிசம்பருக்கு உங்கள் வங்கியின் வாங்கும் ரேட்டையும், பிப்ரவரிக்கு இணையத்தில் கண்ட ஏதோ ஒன்றையும் எடுத்தால்தான் சிக்கல். அப்போது நட்டத்தின் ஒரு பகுதி சந்தையில் நடந்ததாக இருக்காது, நீங்கள் ரேட் எடுத்த இடம் மாறியதால் வந்ததாக இருக்கும்.

ரேட்டின் திசையும் ஒரு சின்னத் தொல்லை. சில சாஃப்ட்வேர்கள் ஒரு டாலருக்கு எத்தனை யூரோ என்று தலைகீழாகச் சேமிக்கும். 1.08-ஐக் கவிழ்த்து நாலு தசமத்தில் வெட்டினால் 0.9259. 50,000-ஐ அதால் வகுத்தால் 54,000 வராது, 54,001.51 வரும். எங்கிருந்து வந்தது என்று புரியாத ஒரு டாலர், ஒன்றரை டாலர் வித்தியாசங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதைத் தேடி அரை நாளை வீணாக்க வேண்டாம்.

தேதியிலும் கவனம் வேண்டும். வங்கியில் பணம் ஏறிய நாளின் ரேட்தான் தேவை. நீங்கள் ரசீதைப் பதிந்த நாள் இரண்டு மூன்று நாள் தள்ளி இருந்தால், சாஃப்ட்வேர் அந்த நாளின் ரேட்டைத் தானாக எடுத்திருக்கலாம். அதேபோல் தொடக்க ரேட்டுக்கு விற்பனை கணக்கில் ஏறிய நாள்தான் நாள்; இன்வாய்ஸை அச்சடித்த நாள் அல்ல. உங்கள் விஷயத்தில் இரண்டும் நவம்பர் 14 என்பதால் பிரச்சினை இல்லை.

நீங்கள் யூரோவை டாலராக மாற்றாமல் யூரோ வங்கிக் கணக்கிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கணக்கு பிப்ரவரி 18 அன்று 1.06-ல் மூடியிருக்கும், நட்டம் அதே 2,000. 499.75 அன்று எழவே எழுந்திருக்காது. அதற்குப் பிறகு ரேட் நகர்வது வங்கியில் இருக்கும் யூரோவின் லாப நட்டம். இந்த இன்வாய்ஸுக்கு அதோடு தொடர்பு இல்லை. பல மாதம் கழித்து மாற்றிவிட்டு அந்த நட்டத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். செலாவணி நட்டத்திலிருந்து 546.25-ஐ எடுத்து, 46.50-ஐ வங்கிக் கட்டணத்துக்கும் 499.75-ஐ நாணய மாற்றுச் செலவுக்கும் மாற்றி ஒரு ஜர்னல் பதிவு போடுங்கள். போட்ட பிறகு செலாவணி நட்டம் 2,000-ல் நிற்கும்.

ஆனால் அந்த 25 யூரோவைச் செலவாக எழுதும் முன் விற்பனை ஒப்பந்தத்தை ஒரு முறை பாருங்கள். அனுப்பும் கட்டணம் எல்லாம் வாங்குபவருடையது என்று அதில் இருந்தால், அது உங்கள் செலவே அல்ல. வங்கியிடம் அந்தப் பணப்பரிமாற்றச் செய்தியின் நகல் கேளுங்கள். கட்டணம் யாருடையது என்பதற்கு அதில் ஒரு குறியீடு இருக்கும்: பழைய MT103 வடிவத்தில் 71A என்ற இடத்தில் OUR, SHA அல்லது BEN, புதிய வடிவத்தில் முறையே DEBT, SHAR, CRED. ஒப்பந்தம் ஒன்று சொல்லி, வாடிக்கையாளர் SHA என்று, அதாவது கட்டணத்தை இருவரும் பகிர்வதாக அனுப்பியிருந்தால், 26.50-ஐக் கட்டணத்தில் எழுதாதீர்கள். 25 யூரோவை அவர் கணக்கிலேயே 1.06 ரேட்டில் திறந்து வைத்துவிட்டு, அந்த நகலோடு அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த 25 யூரோவின் பங்கு செலாவணி நட்டம் ஏற்கெனவே அந்த 2,000-க்குள் இருக்கிறது; அதை மறுபடி தொட வேண்டாம்.